ஒன்பது வருடத் தூக்க மாத்திரையைக் குறைக்க டாக்டருக்கு எப்படி எழுதுவது?

கேள்வி: எனக்கு 63 வயது. கணவர் இறந்த சமயத்தில் தூக்கம் வராமல் குளோனசெபாம் 0.5 மி.கி. ஆரம்பித்தார்கள். ஒன்பது வருடமாக ராத்திரி ஒன்று போட்டுக்கொள்கிறேன். ஒன்பது மணிக்குப் படுத்தால் மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, அப்புறம் ஆறு மணி வரை புரண்டுகொண்டிருப்பேன். இரண்டு மாதம் முன்பு ராத்திரி பாத்ரூம் போகும்போது தடுமாறி விழுந்தேன். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. போன வருடம் நானே ஒரேயடியாக நிறுத்திப் பார்த்தேன். நாலு ராத்திரி கண்ணே மூடவில்லை, கை நடுங்கியது, மறுபடி ஆரம்பித்துவிட்டேன். என் டாக்டரிடம் எப்போதும் கூட்டம். "அதே மாத்திரை தொடரட்டும்" என்று எழுதிவிடுகிறார். கடிதமாக எழுதிக் கொடு என்கிறாள் மகள். என்ன எழுதுவது? எப்படிக் குறைப்பார்கள்? பிரஷருக்கும் மூட்டு வலிக்கும் வேறு மாத்திரைகளும் சாப்பிடுகிறேன்.

பதில்: மகள் சொன்னபடியே செய்யுங்கள் அம்மா. கூட்டத்துக்கு நடுவே "டாக்டர், தூக்கம் சரியில்லை" என்று ஒருவர் சொன்னால், டோஸைக் கூட்டச் சொல்கிறார் அல்லது பழைய சீட்டையே எழுதித் தரச் சொல்கிறார் என்றுதான் டாக்டர்களான எங்கள் காதில் விழும். மாத்திரையைக் குறைக்க வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் குறைவு. அதனால் அந்த வேண்டுகோள் கடிதத்தின் முதல் வரியிலேயே இருக்கட்டும். குடும்பக் கதையில் தொடங்கி, இரண்டாம் பக்கக் கடைசியில் "ஆகவே" என்று விஷயத்துக்கு வரும் கடிதங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். நோயாளிகளைப் பார்ப்பதற்கு நடுவே படிக்கிற டாக்டர் அந்த "ஆகவே" வரை போவதில்லை.

நோயாளியே பேச்சை எடுத்தால் பலன் உண்டு என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. 2014-இல் வெளியான கனடா நாட்டு ஆய்வு ஒன்றில், நீண்ட நாளாக இந்த வகை மாத்திரை எடுத்துவந்த முதியவர்களுக்கு, அதன் ஆபத்துகளையும் குறைக்கும் முறையையும் விளக்கும் கையேடு ஒன்றைக் கொடுத்து, டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ பேசச் சொன்னார்கள். ஆறு மாதத்தில் அவர்களில் 27 சதவீதம் பேர் மாத்திரையை முழுதாக நிறுத்தியிருந்தார்கள். கையேடு பெறாதவர்களில் நிறுத்தியவர்கள் 5 சதவீதம்.

எழுத உட்காருவதற்கு முன் மூன்று விஷயங்களைத் திரட்டிக்கொள்ளுங்கள்.

முதலாவது, மாத்திரை எதற்காகத் தொடங்கப்பட்டது என்பது. துக்கத்தில் தூக்கம் கெட்டது என்பது உங்களுக்குத் தெரிந்த காரணம். ஆனால் குளோனசெபாம் அடிப்படையில் வலிப்புக்கான மருந்து. வலிப்பு, பதற்ற நோய், கனவில் கத்திக் கை கால் வீசும் ஒருவகைத் தூக்கக் கோளாறு ஆகியவற்றுக்கும் இதைக் கொடுப்பார்கள். பழைய சீட்டில் அப்படி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எப்போதாவது வலிப்பு வந்ததுண்டா, மது அருந்தும் பழக்கம் உண்டா என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். இவற்றில் ஒன்று இருந்தாலும் குறைக்கும் வேகமும் இடமும் மாறிவிடும். சிலருக்கு மருத்துவமனையில் வைத்துத்தான் குறைக்க முடியும்.

இரண்டாவது, மற்ற மாத்திரைகளின் பெயர்கள். "மூட்டு வலிக்கு ஒன்று" என்று எழுதினால் போதாது. அட்டையைத் திருப்பி மருந்தின் பெயரைப் பாருங்கள். அதில் டிரமடால் என்று இருந்தால் அதைக் கடிதத்தில் அடிக்கோடிடுங்கள். டிரமடால் ஓபியாய்டு வகை வலி மருந்து. தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கத்தையும் தடுமாற்றத்தையும் கூட்டும், மூச்சையும் மந்தமாக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இல் இந்தச் சேர்க்கைக்குத் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போட்டது. இன்னொரு பக்கமும் இருக்கிறது: டிரமடால் வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும், குளோனசெபாம் அதைத் தடுத்துக்கொண்டிருக்கும். டிரமடாலை அப்படியே வைத்துக்கொண்டு குளோனசெபாமை மட்டும் மளமளவென்று குறைத்தால் தடுப்பு போய்விடும், தூண்டுவது நின்றுகொண்டிருக்கும். மூட்டு வலிக்கு வேறொரு டாக்டர் எழுதித் தந்திருந்தால் உங்கள் டாக்டருக்கு இது தெரியாமலே இருக்கலாம். அதற்காகக் கடிதம் போகும் முன்பே டிரமடாலை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது. பிரஷர் மாத்திரையில் சிறுநீரைக் கூட்டும் வகை ஏதாவது இருக்கிறதா, அதை எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள் என்பதையும் குறியுங்கள். சாயங்காலம் போடுகிறீர்கள் என்றால், நீங்கள் விழுந்த அந்த ராத்திரி நடைக்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். காலைக்கு மாற்றலாமா என்று டாக்டர் முடிவு செய்வார்.

மூன்றாவது, ஒரு வாரத் தூக்கக் குறிப்பு. எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், சுமாராக எப்போது தூங்கினீர்கள், எப்போது விழித்தீர்கள், எப்போது எழுந்தீர்கள், பகலில் கண் அயர்ந்தீர்களா என்று காலையில் ஒரு வரி எழுதினால் போதும். ராத்திரி கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எழுத வேண்டாம், உத்தேசமே போதுமானது. குறட்டை பலமாக இருக்கிறதா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று மகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் இருந்தால் ராத்திரி விழிப்பும் அடிக்கடி சிறுநீர் போவதும் அதனாலேயே வரலாம். இந்த மாத்திரை அந்த நோயை மோசமாக்கவும் கூடும்.

இவை கையில் இருந்தால் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டாது. கிட்டத்தட்ட இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

இரவில் நான் எடுத்துவரும் குளோனசெபாம் 0.5 மி.கி. மாத்திரையை மறுபடி பரிசீலித்து, படிப்படியாகக் குறைக்க ஒரு திட்டம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இதைப் பற்றிப் பேசத் தனியாக நேரம் ஒதுக்கித் தர வேண்டும்.

ஒன்பது வருடம் முன்பு கணவர் இறந்த சமயத்தில் தூக்கமின்மைக்காக இது தொடங்கப்பட்டது. அன்றிலிருந்து தினமும் ஒன்று, கூட்டவில்லை, குறைக்கவில்லை. எனக்கு வலிப்பு வந்ததில்லை. மதுப் பழக்கம் இல்லை.

இப்போது கேட்பதற்குக் காரணம், இரண்டு மாதம் முன்பு இரவில் எழுந்து நடக்கும்போது விழுந்துவிட்டேன். மாத்திரை போட்டும் மூன்று மணிக்கு விழித்துக்கொள்கிறேன்.

கடந்த வருடம் நானாகவே ஒரே நாளில் நிறுத்தினேன். நான்கு இரவுகள் தூக்கம் இல்லை, கை நடுங்கியது. மறுபடி தொடங்கிவிட்டேன். அதனால் இந்த முறை உங்கள் மேற்பார்வையில் மெதுவாகக் குறைக்க விரும்புகிறேன்.

நான் எடுக்கும் எல்லா மாத்திரைகளின் பெயர், அளவு, நேரம், எழுதித் தந்த டாக்டர் ஆகிய விவரங்களையும், ஒரு வாரத் தூக்கக் குறிப்பையும் இணைத்திருக்கிறேன்.

மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும். இந்த மாத்திரை எனக்கு இன்னும் தேவையா? குறைப்பதென்றால் ஒவ்வொரு படியும் எவ்வளவு, எத்தனை நாள்? நடுவில் கஷ்டமாக இருந்தால் யாரை, எப்படித் தொடர்புகொள்வது?

பார்க்க வரும்போது என் மகளும் உடன் வருவாள். அதுவரை மாத்திரையை இப்போது போலவே எடுத்துக்கொள்கிறேன்."

வலிப்பு, மது பற்றிய வரிகளை நான் ஊகித்து எழுதியிருக்கிறேன். உங்கள் உண்மை எதுவோ அதை எழுதுங்கள். விழுந்ததையும், நிறுத்திப் பார்த்ததையும் மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். நான் இந்தக் கடிதத்தைப் பெறும் டாக்டராக இருந்தால் விழுந்ததைப் படித்ததும் இதைத் தள்ளிப்போடக் கூடாது என்று நினைப்பேன். நாலு ராத்திரிக் கதையைப் படித்ததும் அவசரப்படக் கூடாது என்று நினைப்பேன். கடைசி வரியும் வேண்டும். "குறைக்க விரும்புகிறேன்" என்று எழுதியவர் அதற்குள் தானே நிறுத்திவிட்டாரோ என்ற கவலை எங்களுக்கு வரும்.

இனி அந்த நாலு ராத்திரிகளுக்கு வருவோம். மாத்திரை இல்லாமல் இனி நமக்குத் தூக்கமே வராது என்ற முடிவுக்குப் பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் வருகிறார்கள். நீங்களும் வந்திருப்பீர்கள். நடந்தது வேறு. மூளையில் பரபரப்பை அடக்கும் காபா என்ற வேதிப்பொருள் இருக்கிறது. குளோனசெபாம் அதன் வேலைக்கு வலுச் சேர்க்கிறது. தினமும் வெளியிலிருந்து வலு வந்துகொண்டிருந்தால் மூளை தன் பக்கத்து அடக்கும் ஏற்பாட்டைத் தளர்த்திக்கொள்கிறது. மாத்திரை திடீரென்று நின்றால் தளர்ந்த ஏற்பாடு மட்டும் மிஞ்சுகிறது. தூக்கமின்மை முன்னைவிடப் பல மடங்காக வருகிறது, கை நடுங்குகிறது, வியர்க்கிறது, சின்னச் சத்தம்கூடத் தூக்கிப் போடுகிறது. இது மருந்து விலகும்போது வரும் கோளாறு. உங்கள் பழைய தூக்கமின்மை திரும்பி வந்ததாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. மருந்து விலகும் கோளாறு, குறைத்த சில நாட்களுக்குள் தொடங்கி, உச்சத்துக்குப் போய், பிறகு தணியும். முன்பு உங்களுக்கு இல்லாத புதுத் தொந்தரவுகளும் கூட வரும். கணவர் இறந்த நாட்களில் உங்களுக்குக் கை நடுங்கவில்லை என்றால், போன வருடம் நடுங்கியது மாத்திரையை விட்டதால்தான். பழைய தூக்கமின்மை அப்படி ஏறி இறங்காது. வாரக்கணக்கில் ஒரே மாதிரி தொடரும். நீங்கள் அன்று தப்பித்தீர்கள் என்றுகூடச் சொல்வேன். நெடுநாள் எடுத்தவர்கள் ஒரேயடியாக நிறுத்தும்போது சிலருக்கு வலிப்பே வந்துவிடும். கடிதத்தைப் பார்த்துவிட்டு யாராவது "அப்படியானால் நாளையிலிருந்து நிறுத்திவிடுங்கள்" என்று சொன்னால், அந்த ஒரு ஆலோசனையை மட்டும் ஏற்காதீர்கள். வேறு டாக்டரைப் பாருங்கள்.

குறைக்கும் கணக்கை உங்கள் 0.5 மி.கி.யை வைத்தே பார்ப்போம். அமெரிக்காவின் பல மருத்துவ அமைப்புகள் சேர்ந்து 2025-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் வரை குறைத்துத் தொடங்கலாம் என்கிறது. எந்த இரண்டு வாரத்திலும் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. காகிதத்தில் சுலபம். கையில் இருப்பதோ ஒரு குட்டி மாத்திரை. அதில் பத்தில் ஒரு பங்கை யாராலும் வெட்ட முடியாது. பல டாக்டர்கள் இதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். குளோனசெபாம் உடம்பை விட்டு மெதுவாகத்தான் போகும்; பாதி வெளியேறவே சுமார் 30 முதல் 40 மணி நேரம் ஆகிறது. அதனால் ஒரு நாள் சற்று அதிகம், மறுநாள் சற்றுக் குறைவு என்று எடுத்தால் உடம்புக்குக் கிடைப்பது ஏறக்குறைய இரண்டின் சராசரி.

உங்கள் டாக்டர் இப்படி ஒரு திட்டம் தரலாம். 0.25 மி.கி. மாத்திரையாக வாங்கிக்கொண்டால் அரை மாத்திரை 0.125 ஆகிறது. முதல் படியில் ஒரு இரவு 0.5, மறு இரவு 0.375. சராசரி சுமார் 0.44, அதாவது எட்டில் ஒரு பங்கு குறைவு. இரண்டு வாரம் கழித்துத் தினமும் 0.375. அடுத்து 0.375-உம் 0.25-உம் மாறி மாறி. அதன் பிறகு தினமும் 0.25. படிக்கு இரண்டு வாரம் என்றால் எட்டாவது வாரம் முடியும்போது பாதி டோஸில் இருப்பீர்கள்.

இங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும். பலர் சறுக்குவது இந்த இரண்டாம் பாதியில்தான். பாதி எளிதாகப் போய்விட்டதே, மீதியையும் அதே வேகத்தில் முடித்துவிடலாம் என்று தோன்றும். அப்படிப் போனால் ஒவ்வொரு படியிலும் நீங்கள் குறைப்பது அதே 0.06 மி.கி.தான். ஆனால் 0.5-இலிருந்து அதைக் கழிக்கும்போது எட்டில் ஒரு பங்கு போகிறது, 0.25-இலிருந்து கழித்தால் நான்கில் ஒரு பங்கு, 0.125-இலிருந்து கழித்தால் பாதி. மூளைக்குத் தெரிவது இந்தப் பங்குதான். ஆகவே கடைசிப் பகுதியில் ஒவ்வொரு படிக்கும் நான்கு வாரம் கொடுப்பது நல்லது: 0.25-உம் 0.125-உம் மாறி மாறி, பிறகு தினமும் 0.125, பிறகு 0.125-உம் கால் மாத்திரையான 0.06-உம் மாறி மாறி, பிறகு தினமும் கால் மாத்திரை, பிறகு நிறுத்தம். இப்படிப் போனால் மொத்தம் 24 வாரம், ஏறக்குறைய ஆறு மாதம். கால் மாத்திரை சரியாக வெட்ட வராமல் பொடிந்தால் திரவ வடிவம் கிடைக்குமா என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள். மாத்திரை வெட்டும் சின்னக் கருவி ஒன்று வாங்கிக்கொண்டால் கத்தியோடு போராட வேண்டாம்.

இது ஒரு மாதிரிக் கணக்குதான். உங்கள் வயது, மற்ற மருந்துகள், டிரமடால் இருக்கிறதா இல்லையா என்பதையெல்லாம் பார்த்து டாக்டர் இதைவிட மெதுவாகப் போகச் சொல்லலாம். அதை ஏற்றுக்கொள்ளுங்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு நாள் அதிகம், ஒரு நாள் குறைவு என்ற முறை குளோனசெபாம் மெதுவாக வெளியேறுவதால் பொருந்துகிறது. அல்பிரசோலம், சோல்பிடெம் போன்ற மாத்திரைகள் எல்லாம் இதைவிட மிக வேகமாக இறங்கிவிடுபவை. அவற்றில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று விளையாடினால், மாத்திரை இல்லாத ஒவ்வொரு இரவும் ஒரு குட்டி நிறுத்தமாகிவிடும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளை வெட்டவே கூடாது.

படிக்கு இரண்டு வாரம் என்பது மனம் போன போக்கில் வைத்த அளவல்ல. டோஸைக் குறைத்ததும் உடம்பில் உள்ள மருந்து புது அளவுக்கு இறங்கி நிற்கவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால் முதல் மூன்று நாள் ஒன்றும் தெரியாது. "பரவாயில்லையே" என்று அடுத்த படிக்கும் போய்விடுவார்கள். முதல் குறைப்பின் தொந்தரவு ஐந்தாம் நாளோ ஏழாம் நாளோ வரும்போது இரண்டாம் குறைப்பும் மேலே வந்து விழும். முதல் வாரத்தின் நிம்மதியை நம்பாதீர்கள். இரண்டாம் வாரம் எப்படிப் போகிறது என்பதை வைத்துத்தான் அடுத்த படியை முடிவு செய்ய வேண்டும்.

தொந்தரவு வந்தால் அதே படியில் நில்லுங்கள். இன்னும் இரண்டு வாரம், தேவையானால் நான்கு வாரம். தேதி வந்துவிட்டதே என்று இறங்க வேண்டியதில்லை. "இன்றைக்கு மட்டும்" என்று ஒரு முழு மாத்திரை போட்டுக்கொள்வதும் வேண்டாம். அது அந்த ஒரு இரவுக்கு உதவும். ஆனால் மோசமான இரவு என்றால் மாத்திரை என்ற பழைய பாடத்தை மறுபடி மனசுக்குக் கற்றுக்கொடுத்துவிடும். தாங்கவே முடியவில்லை என்றால் டாக்டரிடம் பேசி முந்தைய படிக்கு ஒழுங்காகத் திரும்புங்கள். இடைவெளியை நிரப்பச் சளி மாத்திரையையோ, அலர்ஜிக்காக வீட்டில் இருக்கும் தூக்கம் வரும் மாத்திரையையோ எடுக்காதீர்கள். அந்தப் பழைய வகை அலர்ஜி மருந்துகள் உங்கள் வயதில் குழப்பத்தையும் தடுமாற்றத்தையும் தரும். எதற்காகக் குறைக்கத் தொடங்கினீர்களோ அந்த விழும் ஆபத்து வேறு வழியாக வந்துவிடும். வலிப்பு, ஆள் இடம் தெரியாத குழப்பம், இல்லாத உருவமோ குரலோ தெரிவது, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஆகியவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும். இதை மகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள், அந்த நேரத்தில் உங்களால் சொல்ல முடியாமல் போகலாம்.

மூன்று மணி விழிப்பைப் பற்றி. மாத்திரை வேலை செய்யவில்லை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். உங்கள் கணக்கையே பாருங்கள். ஒன்பதிலிருந்து மூன்று வரை ஆறு மணி நேரம். அறுபதைத் தாண்டிய பலருக்கு ஆறு, ஆறரை மணி நேரத்துக்கு மேல் தூக்கம் அமைவதில்லை. நீங்கள் ஒன்பது மணி நேரம் படுக்கையில் இருக்கிறீர்கள், ஆறு மணி நேரம் தூங்குகிறீர்கள். மிச்ச மூன்று மணி நேரம்தான் உங்களை வாட்டுகிறது. எந்த மாத்திரையாலும் அந்த மூன்று மணி நேரத்தை நல்ல தூக்கமாக மாற்ற முடியாது. படுக்கும் நேரத்தை மாற்றினால் முடியும்.

எழும் நேரத்தை ஆறு மணி என்று நிலையாக வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி எப்படிப் போயிருந்தாலும் சரி. படுக்கும் நேரத்தை வாரம் கால் மணி, அரை மணி என்று தள்ளிக்கொண்டே போய் பதினொன்று, பதினொன்றே கால் வரை கொண்டுவாருங்கள். ஒரேயடியாகச் சுருக்கும் முறையும் இருக்கிறது. ஆனால் அதில் முதல் சில வாரம் பகலில் தூக்கம் சொக்கும். ஏற்கெனவே ஒருமுறை விழுந்த உங்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விழித்து இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து, விளக்கைப் போட்டு, பார்த்து நடந்து, ஒரு நாற்காலியில் உட்கார்ந்து சலிப்பான எதையாவது செய்யுங்கள். கண் செருகும்போது திரும்பப் படுங்கள். ராத்திரி எட்டு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண் அயர்வதும் தூக்கக் கணக்கில்தான் சேரும் என்பதை மறக்காதீர்கள். தூக்கமின்மைக்கான நடத்தைச் சிகிச்சையின் மையப் பகுதி இதுதான். மாத்திரையைக் குறைப்பதோடு இதைச் சேர்த்துச் செய்தவர்களுக்கு நிறுத்துவது எளிதாக இருந்திருக்கிறது. முதல் குறைப்புக்கு மூன்று நான்கு வாரம் முன்பே தொடங்கிவிடுங்கள். டாக்டர் நேரம் ஒதுக்கும் வரை காத்திருக்கும் நாட்களை இதற்குப் பயன்படுத்தலாம். இதற்குச் சீட்டு எதுவும் வேண்டாம்.

கடிதத்துக்கு வேறு பதில்களும் வரலாம். "இத்தனை வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே, எதற்கு மாற்றணும்?" என்றால், விழுந்த தேதியைச் சொல்லுங்கள். நேற்று இரவு போட்ட மாத்திரையில் பாதிக்கு மேல் இன்று இரவு வரைக்கும் உங்கள் உடம்பில் இருக்கிறது. தூங்க வைக்கும் பலன் வருடக்கணக்கில் மங்கிவிடுகிறது. தடுமாற வைக்கும் குணம் அந்த அளவுக்கு மங்குவதில்லை. வயது ஏற ஏற அது கூடவும் செய்யும். "அதற்குப் பதில் வேறு தூக்க மாத்திரை தருகிறேன்" என்று சொல்லிச் சோல்பிடெம் போன்ற ஒன்றை எழுதினால், இது குறைப்பதற்கான ஒரு படியா, அல்லது நிரந்தர மாற்றா என்று பணிவாகக் கேளுங்கள். பெயர் வேறானாலும் அது மூளையில் வேலை செய்யும் இடம் கிட்டத்தட்ட அதேதான். துக்கம் இன்னும் ஆறவில்லை, மனம் எதிலும் ஒட்டவில்லை என்ற நிலை இருந்தால் அதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். மனச்சோர்வு இருப்பவர்களுக்கு விடியலுக்கு முன் விழிப்பு வருவது அதன் அடையாளமாகவும் இருக்கலாம். அப்படியானால் முதலில் அதற்குச் சிகிச்சை, பிறகு குறைப்பு.

எல்லோரும் பூஜ்ஜியத்துக்கு வந்துவிடுவதில்லை. 0.25-இல் வந்து நின்று, அதற்குக் கீழே ஒவ்வொரு முறையும் நிலைகுலைகிறவர்களை நான் அங்கேயே சில மாதங்கள் விட்டுவிடுவேன். பாதி டோஸ் என்பது பாதி மருந்து. விழும் ஆபத்தைப் பொறுத்தவரை அதுவே லாபம்.

கடிதத்தில் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று உங்கள் டாக்டரின் கோப்புக்கு. இன்னொன்றை மூட்டு வலிக்குப் பார்ப்பவரிடம் கொடுங்கள், அவர் அடுத்த சீட்டு எழுதும் முன்பே. குறைப்புத் தொடங்கியதும் மீதியிருக்கும் பழைய 0.5 மி.கி. அட்டைகளை மகளின் பொறுப்பில் விட்டு, அந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் உங்கள் டப்பாவில் வையுங்கள். பாத்ரூமுக்குப் போகும் வழியில் ராத்திரி முழுக்க எரிகிற சின்ன விளக்கு ஒன்றை இன்றைக்கே போட்டுவிடுங்கள், அதற்கு எந்த டாக்டரின் பதிலுக்கும் காத்திருக்க வேண்டாம்.